ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று

சொந்த வீடு கட்டும் எவருக்கும் கூரைத் தளம் போடும் நாளுக்கு முந்தைய வாரம் ஒரு கேள்வி வந்து நிற்கும். சிமெண்ட் எத்தனை மூட்டை, மணல் எத்தனை யூனிட், ஜல்லி எத்தனை யூனிட்? மேஸ்திரியிடம் கேட்டால், "ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணு சார். அந்தக் கணக்குல வரவழைச்சிடுங்க" என்பார். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்பது அதன் பொருள். எம்20 என்று பொறியாளர்கள் குறிக்கும் கான்கிரீட்டுக்குக் கட்டுமானத் தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் விகிதம் இது. ஒரு மொத்தத்தைக் கொடுத்த விகிதத்தில் பிரிப்பதை நாம் எல்லோரும் ஏழாம் வகுப்புக்குள் படித்துவிடுகிறோம். பங்குகளைக் கூட்டு, மொத்தத்தை அதால் வகு, ஒவ்வொரு எண்ணாலும் பெருக்கு, கடைசியில் கூட்டிப் பார். நான்கே படிகள்தான். ஆனால் தளத்தில் போய் நிற்கும்போது, கூட்டிப் பார்த்தால் சரியாக வரும் விடைகூட முப்பது மூட்டை சிமெண்ட் குறைவாக இருக்க முடியும். அது எப்படி என்று புரிந்துகொண்டால்தான் கூட்டிப் பார்ப்பது எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிப்பதில்லை என்பது விளங்கும்.

ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். தளத்தின் பரப்பு 900 சதுர அடி, கனம் 5 அங்குலம். பீம்களைத் தனியாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம், இப்போதைக்குத் தளம் மட்டும். ஐந்து அங்குலம் என்பது அடியில் பன்னிரண்டில் ஐந்து பாகம். எனவே 900 × 5 ÷ 12 = 375 கன அடி. சென்ட்ரிங் பலகைக்கு மேலே கம்பியைச் சுற்றி நிரம்பி நிற்க வேண்டிய கான்கிரீட்டின் அளவு இது.

இங்கே பலரும் அடுத்த படிக்குத் தாவிவிடுகிறார்கள். 1, 1.5, 3 மூன்றையும் கூட்டினால் 5.5. 375-ஐ 5.5-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 68.18 கன அடி. அப்படியென்றால் சிமெண்ட் 68.18, மணல் 102.27, ஜல்லி 204.55. கூட்டிப் பார்த்தால் அச்சாக 375. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஒரு மூட்டை சிமெண்ட் ஏறத்தாழ 1.225 கன அடி பிடிக்கும் என்பதால் 56 மூட்டை வாங்கினால் போதும் என்று தோன்றும். அதை நம்பி 56 மூட்டையை இறக்கினால், ஏறத்தாழ 600 சதுர அடியைத் தாண்டுவதற்குள் கையிருப்பு தீர்ந்து வேலை நின்றுவிடும். மீதிச் சிமெண்ட் வந்துசேருவதற்குள் முன்பு போட்ட கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடும். பழையதும் புதியதும் ஒட்டாமல் சந்திக்கும் இடத்தில் ஒரு இணைப்புக் கோடு விழும். பிற்பாடு மழைநீர் கசிவதற்கு அந்தக் கோடு வழி விடும்.

எங்கே தவறு? வகுத்ததில் இல்லை, பெருக்கியதில் இல்லை. வகுக்க எடுத்துக்கொண்ட மொத்தத்தில் தவறு. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்பது கலப்பதற்கு முன்பு, உலர்ந்த நிலையில், தளர்வாகப் பெட்டியில் அளக்கும் பொருள்களின் விகிதம். 375 என்பதோ கலந்து, நனைந்து, இறுகிய பிறகு நிற்கும் கான்கிரீட்டின் அளவு. இரண்டும் ஒரே மொத்தம் அல்ல. உலர்ந்த பொருள்களின் மொத்தம் எப்போதும் கான்கிரீட்டின் அளவைவிட அதிகமாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதற்குப் பொறியாளர்கள் 1.52-இலிருந்து 1.57 வரை ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பயன்படுத்துவது 1.54.

அதன்படி 375 × 1.54 = 577.5 கன அடி. இதுதான் பிரிக்க வேண்டிய மொத்தம். 577.5-ஐ 5.5-ஆல் வகுத்தால் ஒரு பங்கு சரியாக 105 கன அடி. சிமெண்ட் 105, மணல் 157.5, ஜல்லி 315. மூன்றையும் கூட்டினால் 577.5. சிமெண்டை மூட்டையாக மாற்றினால் 105 ÷ 1.225 = 85.7, அதாவது 86 மூட்டை. நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் ஜல்லி 3.15 யூனிட், மணல் 1.575 யூனிட். மணல் எண்ணை மட்டும் இப்போதே லாரிக்காரரிடம் சொல்லிவிட வேண்டாம். அதில் இன்னொரு திருத்தம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கூட்டிப் பார்ப்பதால் பயன் இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. அது சில தவறுகளை உடனே காட்டிக்கொடுக்கும். அடிக்கடி நடக்கும் ஒரு தவறு, பங்குகளைக் கூட்டும்போது முதல் ஒன்றை விட்டுவிடுவது. சிமெண்ட்தான் அடிப்படை, மற்றவை அதன் மடங்கு என்ற நினைப்பில் 1.5-ஐயும் 3-ஐயும் மட்டும் கூட்டி 4.5 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது ஒரு பங்கு 128.33 ஆகிறது. சிமெண்ட் 128.33, மணல் 192.5, ஜல்லி 385 என்று வரும். கூட்டினால் 705.83. பிரிக்கப் புறப்பட்டது 577.5, கையில் இருப்பது 705.83. எங்கோ பிழை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பெருக்கலில் எண் தவறியிருந்தாலும், தசமப் புள்ளி இடம் மாறியிருந்தாலும் இதே போலக் கூட்டல் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் மணலுக்கும் ஜல்லிக்கும் எண்கள் இடம் மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் 105, மணல் 315, ஜல்லி 157.5. இதையும் கூட்டினால் 577.5-தான். ஜல்லியைவிட இரு மடங்கு மணல் போட்டால் அது கான்கிரீட்டே அல்ல, சில கற்கள் மிதக்கும் பூச்சுக் கலவை. கூட்டல் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. மொத்தம் சரியாக இருந்துகொண்டே விகிதம் முழுக்கத் தவறாக இருக்க முடியும்.

அதனால் இரண்டாவது சோதனை ஒன்று வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் அதற்குரிய விகித எண்ணால் வகுத்துப் பார்க்க வேண்டும். 105-ஐ 1-ஆல் வகுத்தால் 105. 157.5-ஐ 1.5-ஆல் வகுத்தால் 105. 315-ஐ 3-ஆல் வகுத்தால் 105. மூன்றும் ஒரே எண்ணில் வந்து நின்றால் விகிதம் சரி. இடம் மாறிய கணக்கில் மணலை வகுத்தால் 210 வரும், ஜல்லியை வகுத்தால் 52.5 வரும். தவறு ஒளிய இடமே இல்லை. கூட்டல் மொத்தத்தைக் காக்கிறது, வகுத்தல் விகிதத்தைக் காக்கிறது. ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

இங்கே ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கணக்குத் தெரிந்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். முதல் இரண்டு பாகங்களைக் கண்டுபிடித்த பிறகு மூன்றாவதைப் பெருக்காமல், மொத்தத்திலிருந்து கழித்து எழுதிவிடுவது அது. 577.5-இலிருந்து 105-ஐயும் 157.5-ஐயும் கழித்தால் 315. வேலை மிச்சம்தான். ஆனால் அப்படிச் செய்துவிட்டு, "கூட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று சொல்வதில் பொருள் இல்லை. கழித்துக் கிடைத்ததைத் திரும்பக் கூட்டினால் பழைய மொத்தம் வந்தே தீரும், முதல் இரண்டும் தப்பாக இருந்தாலும்கூட. மணலை 175.5 என்று தவறாக எழுதியிருந்தால் ஜல்லி 297 என்று வரும், மொத்தம் 577.5-தான் காட்டும். கழித்தல் முறையில் கண்டுபிடித்தால் வகுத்தல் சோதனை ஒன்றுதான் உண்மையான சோதனை. 297-ஐ 3-ஆல் வகுத்தால் 99 வரும், 105 வராது.

கழித்தல் முறைக்கு ஒரு நியாயமான இடமும் இருக்கிறது. பிரித்தது முழு எண்ணாக வராதபோது அது கைகொடுக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, இதே எம்20 கான்கிரீட்டுக்கு அளவை எடையில் சொல்கிறது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு மணலும் ஜல்லியும் சேர்ந்து அதிகபட்சம் 250 கிலோ, பொதுவாக மணல் ஒரு பங்கு, ஜல்லி இரு பங்கு. 250-ஐ 3-ஆல் வகுத்தால் 83.333 என்று முடிவில்லாமல் போகும். தசமத்தில் இரண்டு இடத்துக்கு வெட்டினால் 83.33, 166.66. கூட்டினால் 249.99. இந்த ஒரு துளி வித்தியாசம் கணக்குப் பிழையால் வந்தது அல்ல, வெட்டியதால் வந்தது. மணலை 83 என்று முழுமைப்படுத்திவிட்டு ஜல்லியை 250-இலிருந்து கழித்து 167 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் கெடாது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக முழுமைப்படுத்தினால் மொத்தம் ஒன்றிரண்டு அங்கேயும் இங்கேயும் நகரும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். நகர்வு மிகச் சிறியதாக இருந்தால் அது முழுமைப்படுத்தியதன் தடம். பெரிதாக இருந்தால் வேறெங்கோ பிழை.

இப்போது அந்த 1.54-க்கு வருவோம். 577.5 கன அடிப் பொருளைக் கொட்டி, அதற்கு மேல் தண்ணீரும் ஊற்றி, கிடைப்பது 375 கன அடிதான் என்றால் மீதி எங்கே போனது? மொத்தம் திரும்ப வர வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு, 200 கன அடிக்கு மேல் காணாமல் போவதை அப்படியே விட்டுவிட முடியாது.

ஒரே ஒரு மூட்டையை வைத்துப் பார்ப்பது எளிது. ஒரு மூட்டை சிமெண்ட் பெட்டியில் சுமார் 35 லிட்டர் இடம் பிடிக்கும். அதற்கு ஒன்றரை மடங்கு மணல் 52.5 லிட்டர். மூன்று மடங்கு ஜல்லி 105 லிட்டர். மூன்றும் சேர்ந்து 192.5 லிட்டர். ஆனால் ஜல்லி நிறைந்த பெட்டி உண்மையில் நிறைந்தது அல்ல. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று இருக்கிறது. முக்கால் ஜல்லி எனப்படும் 20 மில்லிமீட்டர் ஜல்லியில் இந்த வெற்றிடம் பெட்டியின் கொள்ளளவில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 105 லிட்டர் ஜல்லியில் கல் மட்டும் ஏறத்தாழ 56 லிட்டர்தான். மணலிலும் இப்படித்தான், 52.5 லிட்டரில் மணல் துகள்கள் மட்டும் சுமார் 32 லிட்டர். சிமெண்ட் தூளிலோ பாதிக்கு மேல் காற்று. 50 கிலோ சிமெண்டைக் காற்றே இல்லாமல் கட்டியாக அழுத்த முடிந்தால் அது 16 லிட்டருக்குள் அடங்கிவிடும்.

மூட்டைக்கு 27 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். தர நிர்ணய அட்டவணை எம்20-க்கு அனுமதிக்கும் உச்சம் 30 லிட்டர். தண்ணீருக்குள் வெற்றிடம் கிடையாது, 27-ம் 27-தான். இப்போது திடப்பொருளை மட்டும் கூட்டுங்கள். சிமெண்ட் 16, மணல் 32, ஜல்லி 56, தண்ணீர் 27. மொத்தம் 131 லிட்டர். ஒரு மூட்டையிலிருந்து இவ்வளவு கான்கிரீட் கிடைக்க வேண்டும். 1.54 கணக்கு என்ன சொல்கிறது? 192.5 ÷ 1.54 = 125 லிட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள ஐந்தாறு லிட்டர், மிக்ஸரிலும் சட்டியிலும் ஒட்டிக்கொள்வது, சென்ட்ரிங் இடுக்கில் பால் கசிவது, கீழே சிந்துவது ஆகியவற்றுக்கு விட்ட இடம் என்று கொள்ளலாம். மணலும் ஜல்லியும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இந்த எண்கள் தோராயம்தான். ஆனாலும் காணாமல் போனது என்ன என்பது தெளிவு. காற்றுதான். ஜல்லியின் இடுக்குகளை மணல் நிரப்புகிறது, மணலின் இடுக்குகளைச் சிமெண்ட் பால் நிரப்புகிறது. பெட்டி அளவில் கூட்டும்போது அந்தக் காற்றையும் பொருளாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

இதை எடையில் செய்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது. 50 கிலோ சிமெண்டும் 83 கிலோ மணலும் 167 கிலோ ஜல்லியும் 27 கிலோ தண்ணீரும் கலந்தால் 327 கிலோ கான்கிரீட் கிடைக்கும், ஒரு கிலோகூட மறையாது. எடையில் காற்றுக்குக் கணக்கில்லை. அதனால்தான் தர நிர்ணய அட்டவணை எடையில் பேசுகிறது, பெரிய கான்கிரீட் ஆலைகள் எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக் கலக்கின்றன. தளத்தில் பெட்டியும் சட்டியும் மட்டுமே இருப்பதால் நாம் கொள்ளளவுக்குத் தள்ளப்படுகிறோம். எம்20-ஐத் தாண்டிய வலுவுக்கு இப்படி ஒரு பொது விகிதத்தை வைத்துக் கலக்க அந்த விதி அனுமதிப்பதில்லை. அங்கே பொருள்களைச் சோதித்து, அந்த இடத்துக்கென்றே கலவையை வடிவமைக்க வேண்டும். கம்பி போட்ட எந்தக் கான்கிரீட்டுக்கும் எம்20-க்குக் கீழே போகக் கூடாது என்பதும் அதே விதி. ஆக ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று ஒரு குறுகிய விளிம்பில் நிற்கும் விகிதம். கீழே இறங்கவும் இடமில்லை, அதை வைத்துக்கொண்டு மேலே ஏறவும் வழியில்லை. அதனாலேயே அதில் நேரும் சிறு பிசகும் கவலைக்குரியது.

பிசகு பெரும்பாலும் மணலில்தான் நேர்கிறது. லாரியில் வந்து இறங்கும் மணல், ஆற்று மணலோ எம்-சாண்டோ, அநேகமாக ஈரமாகவே இருக்கும். ஈர மணலின் ஒவ்வொரு துகளையும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் சூழ்ந்திருக்கும். அந்தப் படலம் துகள்களை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. விளைவாக மணல் உப்பிவிடும். நான்கைந்து சதவீத ஈரத்தில் சாதாரண மணல் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பக்கூடும். மணல் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு அதிகம் உப்பும். வேடிக்கை என்னவென்றால் அதே மணலை முழுக்கத் தண்ணீரில் மூழ்கவிட்டால் உப்பல் மறைந்து ஏறத்தாழ உலர்ந்த அளவுக்கே இறங்கிவிடும்.

இப்போது மிக்ஸர் அருகே நின்று பாருங்கள். மேஸ்திரி நேர்மையாகவே ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி போடச் சொல்கிறார். பெட்டிகளை எண்ணினால் மொத்தம் 5.5. விகிதமும் சரி, கூட்டலும் சரி. ஆனால் மணல் 25 சதவீதம் உப்பியிருந்தால் அந்த ஒன்றரைப் பெட்டியில் இருக்கும் உண்மையான மணல் 1.5 ÷ 1.25 = 1.2 பெட்டிதான். மிக்ஸருக்குள் போனது ஒன்றுக்கு ஒன்றேகாலுக்கும் குறைவாக மூன்று. ஜல்லியின் இடுக்குகளை நிரப்ப மணல் போதாமல் போகும். பலகையைப் பிரிக்கும்போது அடிப்பக்கத்தில் தேன்கூடு போலப் பொத்தல்கள் தெரிவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு பக்கம், ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் கிடைக்கும் கான்கிரீட்டும் குறையும். மூட்டைக்கு ஆறு லிட்டர் குறைந்தால், நம்முடைய 900 சதுர அடித் தளத்துக்கு நான்கைந்து மூட்டை கூடுதலாகத் தேவைப்படும்.

உப்பலை அளக்க ஆய்வகம் வேண்டாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரம் போதும். ஈர மணலை அமுக்காமல் தளர்வாக 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். அதை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, பாத்திரத்தில் பாதி அளவுக்குத் தண்ணீர் எடுத்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டுக் கிளறுங்கள். காற்றெல்லாம் வெளியேறி மணல் அடியில் படிந்ததும் அதன் உயரத்தை அளங்கள். 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. உப்பல் எத்தனை சதவீதம்? 4-ஐ 20-ஆல் வகுத்து 20 சதவீதம் என்று சொல்லிவிடத் தோன்றும். சரியான விடை 4-ஐ 16-ஆல் வகுத்து 25 சதவீதம். உலர்ந்த மணல்தான் இங்கே அடிப்படை, அதற்கு மேல் எவ்வளவு உப்பியது என்பதுதான் கேள்வி. சரிபார்க்க எளிய வழி உண்டு. 16-க்கு 25 சதவீதம் கூட்டினால் 20 வருகிறது. 20 சதவீதம் கூட்டினால் 19.2-இலேயே நின்றுவிடுகிறது. பழைய அளவு திரும்ப வரவில்லை என்றால் அடிப்படை எண்ணை மாற்றி எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

உப்பல் 25 சதவீதம் என்று தெரிந்துவிட்டால் திருத்தம் சுலபம். ஒன்றரைப் பெட்டியை 1.25-ஆல் பெருக்கினால் 1.875. ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய இரண்டு பெட்டிக்குச் சற்றுக் குறைவாக ஈர மணல் போட வேண்டும். லாரிக்காரரிடம் சொல்லாமல் வைத்திருந்த எண்ணையும் இப்போது சொல்லலாம். 157.5 × 1.25 = 196.9 கன அடி. ஒன்றரை யூனிட் அல்ல, ஏறத்தாழ இரண்டு யூனிட். ஜல்லி இப்படி உப்பாது, அதன் எண் மாறாது. கூடவே மணலில் இருக்கும் ஈரமும் தண்ணீர்தான் என்பதை மறக்கக் கூடாது. மூட்டைக்குப் போகும் 84 கிலோ மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் 4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. 27 லிட்டர் ஊற்ற நினைத்த இடத்தில் 23 ஊற்றினால்தான் மொத்தத் தண்ணீர் 27 ஆகும்.

பெட்டி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பல தளங்களில் பெட்டியே இருப்பதில்லை, சட்டிக் கணக்கில்தான் வேலை ஓடுகிறது. சட்டியில் குவித்து எடுப்பதற்கும் வழித்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. காலையில் குவிந்து வரும் சட்டி மதியத்துக்கு மேல், கை சலித்த பிறகு, சமமாக வரும். விகிதம் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் சட்டிகளின் எண்ணிக்கை மட்டும் மாறாது. உள் அளவு 30 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 39 உயரம் என்று பலகையில் ஒரு பெட்டி அடித்துக்கொண்டால் அது சரியாக ஒரு மூட்டை சிமெண்டின் 35 லிட்டர் பிடிக்கும். நிரப்பி மேலே ஒரு கட்டையால் வழித்துவிட்டால் ஒவ்வொரு பெட்டியும் ஒரே அளவு. மூட்டையே ஒரு பங்காகிவிடுவதால் தளத்தில் யாரும் வகுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்த முறையில் மொத்தம் சரிவருகிறதா என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு மூட்டைக் கலவை உலர்ந்த நிலையில் 5.5 × 1.225, அதாவது 6.74 கன அடி. 86 மூட்டைக்கு 579 கன அடிக்குச் சற்று மேல். பிரிக்கப் புறப்பட்டது 577.5. இரண்டு கன அடிக்குக் குறைவான வித்தியாசம், 85.7-ஐ 86 ஆக்கியதால் வந்தது. முன்பு சொன்ன முழுமைப்படுத்தலின் தடம்தான் இது.

கான்கிரீட் போட்டு முடிந்த மாலையில் காலி மூட்டைச் சாக்குகளை எண்ணச் சொல்லுங்கள். பணத்துக்காக மட்டும் அல்ல, கலவையைத் திருப்பிச் சோதிக்க நமக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. தளம் முழுதும் நிரம்பி, காலிச் சாக்கு 86-ஐ ஒட்டி இருந்தால் கணக்கும் வேலையும் பொருந்துகின்றன. 90-ஐத் தாண்டினால் மணல் உப்பியதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது பலகை எங்காவது தாழ்ந்து தளம் அங்கே கனத்திருக்கலாம். 78-தான் என்றால் இரண்டே வழிகள். ஒன்று, கனம் ஐந்து அங்குலம் இல்லாமல் நாலரை அங்குலத்தை ஒட்டி நின்றுவிட்டது. இல்லையென்றால் கனம் சரியாக இருந்து, சிமெண்டின் இடத்தை மணலும் ஜல்லியும் பிடித்துவிட்டன. இரண்டாவது நடந்திருந்தால் கணக்கு இப்படி வரும். 78 மூட்டை என்பது 95.6 கன அடி. மொத்தம் 577.5-இலிருந்து அதைக் கழித்தால் மணலும் ஜல்லியும் 481.9. ஒரு பங்கு சிமெண்டுக்கு அவை நாலரைப் பங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பங்கு ஆகிவிட்டன.

இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே, மூலைகளிலும் நடுவிலுமாகச் சில இடங்களில் ஒரு மெல்லிய கம்பியைப் பலகை தட்டும்வரை குத்தி, ஈரம் படிந்த நீளத்தை டேப்பில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். குத்திய இடத்தைக் கரண்டியால் உடனே மூடிவிடலாம். மறுநாள் காலையில் அந்த அளவை எடுக்க முடியாது.